முதல் சந்திப்புக்கு ஒரு சர்வீஸ் ரிப்போர்ட்

திங்கள்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மெக்கானிக்கின் வீட்டு ஹாலில் நேர்முகத் தேர்வு நடந்துகொண்டிருந்தது.

தேர்வாளர் அவருடைய மனைவி. வேலை தேடும் பட்டதாரிகளுக்கு எப்படி உட்கார வேண்டும், எத்தனை பல் தெரியச் சிரிக்க வேண்டும், 'உங்கள் பலவீனம் என்ன' என்று கேட்டால் எப்படிச் சுற்றிவளைத்துப் பெருமையடித்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொடுக்கும் பயிற்சி மையத்தில் பதினோரு வருஷமாக வேலை பார்ப்பவர். கணவர் நாளைக்கு நாலு மணிக்கு உளவியல் ஆலோசகரை முதல்முறையாகப் பார்க்கப் போகிறார் என்றதும் தொழில் பக்தி பொங்கிவிட்டது. இருபது கேள்விகளை டைப் செய்து எடுத்துவந்திருந்தார்.

"உள்ள போனதும் என்ன பண்ணுவீங்க?"

"உக்காருவேன்."

"தப்பு. வணக்கம் சொல்லிட்டு, உக்காரலாமான்னு கேட்டுட்டு உக்காருவீங்க. சரி, உங்களைப் பத்திச் சொல்லுங்க."

"இருபத்திரண்டு வருஷமா லிஃப்ட் மெக்கானிக்கா இருக்கேன்."

"முகத்தை ஏன் இப்படித் தொங்கப் போட்டிருக்கீங்க? கொஞ்சம் சிரிச்ச முகமா சொல்லுங்க."

"சிரிச்ச முகமா இருக்கிறவன் அங்க ஏண்டி போறான்?"

மனைவி கேள்வித்தாளைப் புரட்டினார். அதில் இதற்குப் பதில் இல்லை. "அஞ்சாவது கேள்விக்குப் போவோம்" என்றார்.

தொழிலை வைத்துத்தான் அவரை எல்லோரும் கூப்பிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர், பால் போடுகிறவர், ஏன், கோபம் வந்தால் மனைவிக்கும் அவர் 'மெக்கானிக்'தான். நாலு மாதமாக அந்த மெக்கானிக்கிடம் ஒரு கோளாறு. லிஃப்ட் ஓடுகிற குழிக்குள், கூண்டின் கூரை மேல் ஏறி நின்றால் நெஞ்சு படபடக்கும். விரல் மரத்துப்போகும். மூச்சுக் குழாயை யாரோ முறுக்கி மூடியது போல இருக்கும். பத்து நிமிஷத்தில் அதுவாகவே போய்விடும். மாரடைப்பு என்று முடிவுகட்டி இதய டாக்டரிடம் ஓடினார். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, ஓடும் பட்டையில் ஓட்டம் எல்லாம் முடிந்தபின் டாக்டர், "உங்க இதயம் என் இதயத்தை விட நல்லா இருக்கு. இது பேனிக் அட்டாக். இவங்களைப் போய்ப் பாருங்க" என்று ஒரு கார்டைக் கொடுத்தார். இதயத்தில் ஒன்றும் இல்லை என்று சொன்னதற்கு ஒரு மனிதன் இவ்வளவு ஏமாற்றமடைந்து அவர் பார்த்ததில்லையாம்.

இவ்வளவும் மனைவிக்குத் தெரியும். தெரியாதது, மெக்கானிக்கின் சட்டைப்பையில் இருந்தது. ஒரு பட்டன். சட்டை பட்டன் இல்லை, லிஃப்ட் பட்டன்.

கூண்டின் கூரையில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். மேலே, கீழே என்று இரண்டு பட்டன், நிறுத்துவதற்குச் சிவப்பாகப் பெரிதாக இன்னொன்று. பெட்டியைப் பிடித்திருப்பவர் அழுத்தினால் கூண்டு மெதுவாக நகரும், விட்டால் நிற்கும். கூட நிற்பவர் சுவர்ப் பக்கம் கையை நீட்டும் முன் சிவப்பை அழுத்திவிட வேண்டும். தொழிலில் முதல் நாள் கற்றுக்கொடுக்கும் பாடம் அது. இரண்டு மாதம் முன்னால் ஒருநாள் பெட்டி மெக்கானிக்கின் கையில் இருந்தது. 'கிரீஸ்' என்று எல்லோரும் கூப்பிடும் அவருடைய கூட்டாளி, சுவரில் இருந்த இரும்புத் தாங்கியில் போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக்குக்கு நெஞ்சு அடைத்தது. சிவப்பை அழுத்த மறந்திருந்தார். இறுகிய விரல் 'மேலே' பட்டனை அமுக்கியது. கூண்டு ஒரு சாண் ஏறியது. கிரீஸ் கையை உருவிக்கொண்டார். கையுறை மட்டும் தாங்கிக்கும் கூண்டுக்கும் நடுவில் மாட்டி, அப்பளம் மாதிரி நசுங்கியது.

"பட்டன் ஒட்டிக்கிச்சு மாப்ள" என்றார் மெக்கானிக்.

பொய்க்கு ஆதாரம் வேண்டும் அல்லவா. நன்றாக இருந்த பட்டனைக் கழற்றிப் புதியதை மாட்டினார். சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'பழுது: மேல் பட்டன். மாற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். கழற்றிய பட்டனைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அன்றிலிருந்து அது சட்டை மாற்றினால் சட்டையோடு மாறிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை பதினோரு மாடிக் கட்டடத்தில் முழு சர்வீஸ். கிரீஸும் அவரும் மட்டும். அதற்குள் இந்த ஆலோசகர் தட்டிக் கொட்டிச் சரிசெய்து, 'வேலைக்குத் தகுதியானவர்' என்று ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டால் பட்டன் விஷயத்தை யாரிடமும் சொல்லாமல் முடித்துவிடலாம் என்பது மெக்கானிக்கின் திட்டம்.

கிரீஸ் அன்று காலைதான் தன் பங்குக்கு யோசனை சொல்லியிருந்தார். காலரில் எப்போதும் ஒரு விரல் கிரீஸ் இருப்பதால் அந்தப் பெயர். வயது நாற்பத்தெட்டு. பதினாலு வருஷமாக மெக்கானிக்கோடு ஒரே கூரையில் நிற்பவர்.

"மாப்ள, அங்க ஒரு சோபா இருக்கும். படுக்கச் சொல்வாங்க. படுத்துடாத. படுத்தா உண்மை எல்லாம் தானா வெளிய வந்துடும்."

"உனக்கு யாருடா சொன்னா?"

"டிவில பாத்தேன். அப்புறம், உங்கம்மாவைப் பத்திக் கேப்பாங்க. எல்லாப் பழியையும் அங்க போட்டுடு. உங்கம்மா கோவிச்சுக்க மாட்டாங்க."

இதைச் சொல்லிவிட்டு, பெட்டியை மெக்கானிக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "இத நான் புடிச்சுக்கிறேன். முட்டி வலிக்குது, குனிஞ்சு எந்திரிக்க முடியல." இரண்டு மாதமாக இதே முட்டி, இதே வலி. வயசாகிக்கொண்டு வருகிறது, வளையமாட்டேன் என்கிறான் என்று மெக்கானிக் மனசுக்குள் திட்டிக்கொண்டார்.

ஆறரை மணிக்கு, பதினாலாவது கேள்வி முடிந்தபோது, மச்சினியிடமிருந்து போன் வந்தது. மனைவியின் தங்கை. போன வருஷம் ஆறு மாதம் இதே போல ஆலோசனைக்குப் போய்வந்தவள். அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல், பல் டாக்டரிடம் போய்வந்த மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்ததில் குடும்பத்தில் பாதிப் பேருக்கு மூச்சு நின்றுவிட்டது.

"மாமா, அக்கா கேள்வி கேட்டுக் கொல்றாளாமே?"

"பதினாலு முடிஞ்சிருக்கு. இன்னும் ஆறு."

"அந்தப் பேப்பரைத் தூக்கிப் போடுங்க. இது பரீட்சை இல்ல, மார்க்கும் இல்ல. முதல் நாள் பாதிக்கு மேல அவங்கதான் கேப்பாங்க. எப்ப ஆரம்பிச்சது, எப்படி வருது, தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்ல யார் யாரு. அவ்வளவுதான். வாழ்க்கை வரலாறு ஒரே நாள்ல சொல்லணும்னு இல்ல."

"படுக்கணுமா?"

"படுத்தா தூங்கிடுவீங்க. உங்க குறட்டையக் கேட்டுட்டு அவங்க வேற ஆள்கிட்ட ட்ரீட்மென்ட்டுக்குப் போகணும். நாற்காலிலதான் மாமா உக்காருவீங்க."

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "எதாவது எடுத்துட்டுப் போகணுமா?"

"ரெண்டு வரி எழுதிட்டுப் போங்க. என்ன தொந்தரவு, எப்பலேருந்து, அது சரியானா உங்களால என்ன செய்ய முடியணும். ஏதாவது மாத்திரை சாப்பிட்டா அது பேரு. அங்க போனா வாய் ஒட்டிக்கும், அதுக்குத்தான் பேப்பர். வயித்துல எதையாவது போட்டுட்டுப் போங்க. பத்து நிமிஷம் முன்னாடி போங்க, ஃபாரம் ஒண்ணு நிரப்பணும். முடிஞ்சதும் வேலைக்கு ஓடாதீங்க, ஒரு மணி நேரம் சும்மா விடுங்க. எனக்கு முதல் நாள் முடிஞ்சு பஸ் ஸ்டாப்புல அழுகை வந்துடுச்சு. என் ஃப்ரெண்டுக்கு ஒண்ணுமே வரல, சப்புன்னு இருந்துச்சாம். எது வந்தாலும் தப்பில்ல."

"சொல்லப் புடிக்காதது ஏதாவது இருந்தா?"

மச்சினி கெட்டிக்காரி, தோண்டவில்லை. "'இது இன்னிக்கு வேண்டாம்'னு சொல்லுங்க. விட்டுடுவாங்க. சொல்லாம இருக்கலாம் மாமா. ஆனா பொய் சொல்லிடாதீங்க. அப்புறம் அவங்க அந்தப் பொய்க்குத்தான் வைத்தியம் பாப்பாங்க."

"ஆளே புடிக்கலைன்னா?"

"மாத்திக்கலாம். நான் முதல்ல போன ஆலோசகர் என்னைப் பாத்ததை விடக் கடிகாரத்தை அதிகம் பாத்தாரு. ரெண்டு தடவை போனேன், வேற ஆளுக்கு மாறிட்டேன். கல்யாணமா பண்ணிக்கிறோம்?"

இரண்டு வரி எழுத வேண்டும் என்பது மட்டும் மெக்கானிக்கின் மனதில் நின்றது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக அவர் எழுதியது ஒரே வகைதான். பையிலிருந்து ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்து, ஒரு தாளைக் கிழித்து, நிரப்பினார்.

புகார்: மூச்சு முட்டல் (வீட்டார் கூறுவது).
பழுது: கண்டறியப்படவில்லை.
மாற்றிய பாகம்: இல்லை.
தற்போதைய நிலை: நல்ல இயக்கத்தில் உள்ளது.

கீழே சோதித்தவர் கையொப்பத்துக்கு இடம் விட்டார். ஆலோசகர் அதில் ஒரு கையெழுத்துப் போட்டால் அதுவே சர்டிபிகேட்.

ஆலோசகரின் அறை நாலாவது மாடியில் இருந்தது. மறுநாள் அவர் போனபோது கீழே லிஃப்ட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. மெக்கானிக் அதை ஒரு பார்வை பார்த்தார். வேறு கம்பெனி. கதவு மூடும்போது கரகரவென்று அழுதது. நாலு மாதமாகக் கூரை மேல்தான் பயம், உள்ளே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிவந்தவர், மாடிப்படியில் ஏறினார்.

மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. வரவேற்பில் இருந்த பெண் தண்ணீர் கொடுத்தாள். "லிஃப்ட் வேலை செய்யுதே சார்."

"தெரியும்மா. அதை நம்பாம இல்ல, பழக்கம்" என்றார். உலகத்தில் லிஃப்ட் மெக்கானிக் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

ஃபாரம் நாலு பக்கம். பெயர், வயது, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, இப்போது சாப்பிடும் மருந்து. கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கமின்மை, பதற்றம், ஓயாத கவலை எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து மூன்று வரை வட்டம் போட வேண்டும். மனைவியின் பயிற்சி கைகொடுத்தது. எல்லாவற்றுக்கும் பூஜ்யம். மார்க் இல்லை என்று மச்சினி சொன்னது பொய். இதோ, இருக்கிறது. முதல் வகுப்பில் தேறினார்.

ஆலோசகருக்கு நாற்பது வயது இருக்கும். பருத்திப் புடவை, காலில் செருப்பு இல்லை, மேஜைக்குப் பின்னால் உட்காராமல் எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சோபா இருந்தது. அதில் ஒரு குடையும் மூன்று கோப்புகளும் படுத்திருந்தன. சின்ன மேஜையில் டிஷ்யூ பெட்டி. மெக்கானிக் அதை முறைத்தார்.

"அது எல்லாருக்கும் பொது. ஜலதோஷத்துக்கும் உதவும்" என்றார் ஆலோசகர். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?"

இது இருபது கேள்வியில் இல்லை. "மெக்கானிக்னுதான் எல்லாரும் சொல்வாங்க மேடம்."

"உங்களுக்கு அது புடிக்குமா?"

அதை யாரும் கேட்டதில்லை. "புடிக்கும்" என்றார் கொஞ்சம் யோசித்து.

"சரி மெக்கானிக். நமக்கு ஐம்பது நிமிஷம். முதல்ல சில விதிமுறை சொல்லிடறேன், அப்புறம் நீங்க பேசலாம். நடுநடுவுல நான் குறிப்பு எடுப்பேன், எனக்கு ஞாபக மறதி, அதுக்குத்தான். நீங்க கேட்டா காட்டுவேன். இங்க பேசறது இங்கயே இருக்கும். உங்க ஆபீசுக்கோ, வீட்டுக்கோ, நீங்க சம்மதிக்காம ஒரு வார்த்தை போகாது. சில இடத்துல மட்டும் நான் வெளிய சொல்ல வேண்டி வரும். உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ உடனடி ஆபத்துன்னா, ஒரு குழந்தையை யாராவது கொடுமைப்படுத்தறாங்கன்னு தெரிஞ்சா, இல்ல கோர்ட் உத்தரவு போட்டா. அப்பவும் முடிஞ்ச வரைக்கும் உங்ககிட்ட முதல்ல பேசிட்டுத்தான். கேள்வி இருக்கா?"

'இன்னொருத்தர் உயிருக்கு' என்பதில் மெக்கானிக்கின் காது நின்றுவிட்டது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. "இல்லீங்க" என்றார்.

ஆலோசகர் ஃபாரத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இந்தப் பக்கத்தைப் பாத்தா, இங்க வர வேண்டிய ஆள் நான்தான்னு தோணுது. எனக்கே தூக்கக் கேள்வியில ஒண்ணு விழும். உங்களுக்கு எல்லாம் பூஜ்யம்."

"என் வீட்டுக்காரி நல்லவிதமா சொல்லச் சொன்னா மேடம்."

"நல்ல மனசு. எதாவது எழுதிட்டு வந்திருக்கீங்களா?"

மெக்கானிக் ரிப்போர்ட்டை நீட்டினார். ஆலோசகர் படித்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மன்னிச்சுக்கங்க. உங்களைப் பாத்துச் சிரிக்கல. இங்க வர்ற நிறையப் பேர் மனசுல இதையேதான் வச்சிருப்பாங்க. இவ்வளவு சுத்தமா நிரப்பிக் கொண்டுவந்தது நீங்கதான். கீழ கையெழுத்து நான் போடணுமா?"

"போட்டா புதன்கிழமை வேலைக்குப் போயிடுவேன்."

"என்னால முடியாது. ஒரே ஒரு தடவை பாத்துட்டு தகுதிச் சான்று யாரும் குடுக்கக் கூடாது. அந்த மாதிரி கடிதம் வேணும்னா உங்க டாக்டர்கிட்ட பேச வேண்டியிருக்கும். நான் இன்னிக்கு செய்யக்கூடியது வேற. உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். ஒரு கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நடுவுல நிக்குது. நீங்க போய்ப் பாக்கும்போது ஒழுங்கா ஓடுது. பழுது இல்லைன்னு எழுதிட்டு வந்துடுவீங்களா?"

மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. "அது எப்படிங்க? அந்த மாதிரிக் கோளாறுதான் உசிரை வாங்கும். வாட்ச்மேனைப் புடிச்சு உக்கார வச்சுக் கேப்பேன். எந்த மாடியில நிக்குது, எத்தனை மணிக்கு, உள்ள எத்தனை பேரு, மழை பெஞ்சுதா, அதுக்கு முன்னாடி யாரு என்ன பண்ணாங்கன்னு. ஒரு வாரம் நோட்டு போட்டு எழுதி வைக்கச் சொல்வேன். பாதிப் பேரு எழுத மாட்டாங்க. 'இப்ப சரியா இருக்கு, விடுங்க'ம்பாங்க. அவங்களைத்தான்…" நிறுத்தினார்.

ஆலோசகர் பேனாவைத் திறந்தார். "நான் கேக்கறேன், நீங்க வாட்ச்மேன். எந்த மாடியில நின்னுச்சு?"

அதற்கப்புறம் மெக்கானிக்குக்கு நேரம் போனதே தெரியவில்லை. முதல்முறை எப்போது வந்தது, அன்று முன்னால் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நின்றது, வந்தபோது மனசுக்குள் என்ன ஓடியது. இப்போது வராமல் இருக்க எதையெல்லாம் தவிர்க்கிறார். காபி எத்தனை. "ஒன்பது" என்றார், ஆலோசகர் அப்படியே எழுதிக்கொண்டார். குடி, சிகரெட். வீட்டில் யாருக்காவது இப்படி வந்ததுண்டா. தூக்கம் எப்படி. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து ஃபேன் சுற்றுவதை எண்ணும் கதையை அவர் வீட்டில்கூடச் சொன்னதில்லை. அதையும் சொன்னார். கடைசிப் பக்கத்தை வாங்கி ஒரு பூஜ்யத்தை அடித்து மூன்று போட்டார். பக்கத்தில் இன்னொன்றையும் அடித்தார்.

"இது எல்லார்கிட்டயும் கேக்கிற கேள்வி" என்றார் ஆலோசகர், குரலை மாற்றாமல். "செத்துடலாம்னோ, நாம இல்லாம போனா நல்லதுன்னோ எப்பவாவது தோணியிருக்கா?"

"இல்லீங்க. செத்துடுவேனோன்னு பயந்துதானே இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

"சரி. எப்பவாவது தோணுச்சுன்னா உடனே சொல்லணும்." எழுதிக்கொண்டார். "இது என்னன்னு என் கணக்குல சொல்லட்டுமா? உடம்புல ஆபத்துக்கு ஒரு அலாரம் இருக்கு. உங்களுக்கு அது ஆபத்து இல்லாதப்பவே அடிக்குது. அடிச்சதும் நீங்க பயந்துடறீங்க. அந்தப் பயத்தைப் பாத்து அது இன்னும் பலமா அடிக்குது."

"லிஃப்ட் வேகம் கூடாமலே சேஃப்டி பிரேக் விழுந்து புடிச்சுக்கிற மாதிரி" என்றார் மெக்கானிக். "பிரேக் நல்லதுதான். தப்பான நேரத்துல விழுது."

"இந்த உதாரணத்தை நான் திருடிக்கறேன்" என்று ஆலோசகர் எழுதிக்கொண்டார். "இதுக்கு வழி இருக்கு. வாரம் ஒரு தடவை பாப்போம். எப்ப வருதுன்னு நீங்க நோட்டு போடணும். அலாரம் அடிக்கும்போது என்ன செய்யறதுன்னு பழகுவோம். அப்புறம் தவிர்க்கிற இடத்துக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா, உங்க வேகத்துல திரும்பிப் போவோம். எத்தனை வாரம்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். நாலு தடவைக்கு அப்புறம் உக்காந்து, பலன் இருக்கான்னு ரெண்டு பேரும் பாப்போம். என்னைப் புடிக்கலைன்னா சொல்லலாம், வேற ஆளைக் காட்டுவேன். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. வேற ஏதாவது?"

"இல்லீங்க" என்று மெக்கானிக் எழுந்துவிட்டார். நன்றி சொன்னார். கதவுவரை போனார். கைப்பிடியைப் பிடித்தார். திருப்பவில்லை.

"மேடம், இன்னொருத்தர் உயிருக்கு ஆபத்துன்னா வெளிய சொல்வேன்னீங்களே."

"ஆமா."

"விரல்னா?"

ஆலோசகர் பேனாவை மூடி வைத்தார்.

"உயிர் இல்ல. விரல். நாலு விரல்" என்றார் மெக்கானிக், கதவிடம்.

"உக்காருங்க. இன்னும் எட்டு நிமிஷம் நம்மளோடதுதான்."

மெக்கானிக் பட்டனை எடுத்து டிஷ்யூ பெட்டி பக்கத்தில் வைத்தார். கையுறையிலிருந்து ரிப்போர்ட் வரை மூன்றே நிமிஷத்தில் சொல்லி முடித்தார். இரண்டு மாதம் சுமந்தது மூன்று நிமிஷம்தான் வந்தது என்பதில் அவருக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது. டிஷ்யூ ஒன்று எடுத்தார். ஜலதோஷம் என்றே வைத்துக்கொள்வோம்.

"சொன்னதுக்கு நன்றி. நிறையப் பேர் முக்கியமானதைக் கதவுகிட்ட போய்த்தான் சொல்வாங்க" என்றார் ஆலோசகர். "முழுசா இன்னிக்குப் பேச நேரம் பத்தாது, அடுத்த வாரம் இதுலேருந்து ஆரம்பிப்போம். ஆனா ஒண்ணு மட்டும் இப்பவே பேசணும். நடந்து முடிஞ்சதுக்காக நான் யாருக்கும் போன் பண்ணப் போறதில்ல. நாளைக்கு அந்தப் பெட்டி உங்க கையில இருந்தா என்ன ஆகும்?"

வெளியே லிஃப்ட் கரகரவென்று ஏறும் சத்தம் கேட்டது. மெக்கானிக் அது நிற்கும்வரை காத்திருந்தார்.

"தெரியல" என்றார்.

"அப்ப?"

"நாளைக்கு ஏற மாட்டேன். அவன்கிட்ட இன்னிக்கே சொல்லிடறேன். கூரை இல்லாத வேலையா பாத்துக்கறேன்."

"சூப்பர்வைசர்கிட்ட?"

"அவன்கிட்ட சொல்லிட்டு அப்புறம்."

"சரி. டாக்டர்கிட்ட ஒரு வாரத்துக்கு லீவு கடிதம் வேணும்னாலும் கேக்கலாம்." ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்து இடம் காலியாகவே இருந்தது. பட்டனையும் கொடுத்தார். "இது உங்க சாமான். எடுத்துட்டுப் போங்க."

கீழே இறங்கியதும் மச்சினி சொன்னபடி ஒரு மணி நேரம் சும்மா இருக்கலாம் என்று வாசலில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒன்றும் தோன்றவில்லை. பசிப்பது போல இருந்தது. எட்டாவது நிமிஷத்தில் கிரீஸின் பைக் வந்து நின்றது.

"முடிஞ்சுதா மாப்ள? அழுதியா?"

"உன்னை யாருடா வரச் சொன்னா?"

"உன் வீட்டம்மாதான். பாஸா ஃபெயிலான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க. படுத்தியா?"

"சோபாவுல குடை படுத்திருந்துச்சு. உக்காருடா, ஒண்ணு சொல்லணும்."

கிரீஸ் உட்கார்ந்தார். மெக்கானிக் பட்டனை எடுத்து இருவருக்கும் நடுவில் பெஞ்சில் வைத்தார். மூன்று நிமிஷப் பேச்சை மனசுக்குள் அடுக்கினார். "மாப்ள, அன்னிக்கு இந்தப் பட்டன் ஒட்டல…"

"தெரியும்" என்றார் கிரீஸ்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு நீ சட்டையக் கழட்டி மாட்டிட்டு மூஞ்சி கழுவப் போனப்பவே உன் பையிலேருந்து எடுத்து மீட்டர் வச்சுப் பாத்துட்டேன். நூறு தடவை அமுக்கினேன். நூறு தடவையும் அமுக்கினா கனெக்ஷன் வந்துச்சு, விட்டா விட்டுடுச்சு. உன்னை விட ஒழுங்கா இருந்துச்சு."

மெக்கானிக் கிரீஸின் காலைப் பார்த்தார். "அப்ப உன் முட்டி?"

"முட்டிக்கு என்ன கேடு? உன் கையில பெட்டியக் குடுக்காம இருக்க வேற என்னத்தைச் சொல்றது? மூஞ்சிக்கு நேரா 'உன்னை நம்பல'ன்னு சொல்லச் சொல்றியா? ரெண்டு மாசமா நொண்டி நொண்டி நடந்து நிஜமாவே இடுப்பு புடிச்சுக்கிச்சு."

"ஏண்டா கேக்கல?"

"நீயா சொல்வேன்னு பாத்தேன்." கிரீஸ் பட்டனை எடுத்து அழுத்திப் பார்த்தார். "சொல்லாம இருந்தா இந்த மாசக் கடைசியில நானே சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருப்பேன். விரல் என்னோடது மாப்ள. எனக்கு அதுல கோவம் இல்லைன்னு நினைக்காத. இருக்கு. கையுறையும் புதுசு."

"வாங்கித் தர்றேன்."

"ரெண்டு ஜோடி."

"நாளைக்கு நான் ஏறல. சூப்பர்வைசர்கிட்ட காலையில சொல்லிடறேன். அந்த ரிப்போர்ட்டையும்."

"தனியாப் போகாத, கத்துவாரு. நானும் வர்றேன். ரெண்டு பேரைப் பாத்தா பாதிப் பாதியாக் கத்துவாரு."

உள்ளே லிஃப்ட் மறுபடி அழுதது. இருவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பினார்கள்.

"கதவு ரோலர் தேஞ்சிருக்கு" என்றார் கிரீஸ்.

"அடுத்த செவ்வாய் நாலு மணிக்கு வருவேன். அப்பவும் இப்படித்தான் கத்தும்."

"எதுல ஏறுவ?"

"படியில. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா."

போன் அடித்தது. மனைவி. ஸ்பீக்கர் இல்லாமலே குரல் பெஞ்சு முழுக்கக் கேட்டது. "என்னங்க, முடிஞ்சுதா? எப்படிப் பண்ணீங்க? அந்த அஞ்சாவது கேள்வி வந்துச்சா?"

"ஒரு கேள்வியும் வரல. எல்லாம் சிலபஸுக்கு வெளிய."

"ஐயையோ. சர்டிபிகேட் குடுத்தாங்களா இல்லையா?"

மெக்கானிக் கிரீஸைப் பார்த்தார். கிரீஸ் பட்டனைத் தன் பையில் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். முட்டி பிரமாதமாக வேலை செய்தது.

"இல்ல. ரெண்டாவது ரவுண்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க" என்றார் மெக்கானிக். "மீதியை வீட்டுக்கு வந்து சொல்றேன். உக்காந்து கேக்கணும். நீ சிரிச்ச முகமா இருக்க வேண்டாம்."